பன்னீர் பட்ட குங்குமம்

கல்யாண மண்டப வாசலில் வரவேற்பு மேஜை இருக்கும். தட்டில் கற்கண்டு, பக்கத்தில் ரோஜாப்பூ, கிண்ணத்தில் குழைத்த சந்தனம், சிமிழில் குங்குமம். நாம் சந்தனம் தொட்டு, குங்குமம் இட்டு நிமிரும்போது பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமி பன்னீர்ச் செம்பை நம்மேல் உதறுவாள். குங்குமம் எடுக்கும்போது விரலிலிருந்து நாலைந்து துகள் மார்பிலோ தோளிலோ சிந்தியிருக்கும்; அது கண்ணுக்கே தெரியாது. பன்னீர்த் துளி பட்டதும் அந்தத் துகள் ஒவ்வொன்றும் மிளகளவு ரோஜா நிறப் பொட்டாக விரிந்துவிடும். பந்தியில் உட்காரும்போதுதான் பார்ப்போம். பார்த்ததும் என்ன செய்வோம்? கை கழுவுமிடத்துக்குப் போய், கைக்குட்டையை நனைத்து, அழுத்தித் தேய்ப்போம். பொட்டு உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடும்.

என்னுடைய சந்தன நிறப் பட்டுப்புடவை ஒன்றை நான் அப்படித்தான் பாழாக்கினேன். மறுநாள் டிரைகிளீனிங் கடைக்காரர் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி வைக்காம அப்படியே கொண்டு வந்திருந்தா உதறியே எடுத்திருக்கலாம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு மெனக்கெட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒன்று. குங்குமமும் விபூதியும் துணிமேல் விழுந்த நிமிடத்தில் அவை கறையே அல்ல. நூலின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூள், அவ்வளவுதான். ஈரம் பட்ட பிறகுதான் குங்குமம் கறையாகிறது. பருத்தி நூலும் பட்டு நூலும் விளக்குத் திரி மாதிரி. திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுவதுபோல, நனைந்த இடத்திலிருந்து காய்ந்த இடத்தை நோக்கி நூல் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரில் கரைந்த சாயமும் கூடவே போகும். தண்ணீர் எங்கே காய்ந்து நிற்கிறதோ அங்கே சாயம் இறங்கும். நனைத்துத் தேய்த்த கறை காய்ந்ததும் நடுவில் வெளிறி, விளிம்பில் மட்டும் அழுத்தமான கோடாகத் தெரிவது இதனால்தான்.

கையால் தட்டுவதும் நல்லதில்லை. உள்ளங்கையில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் எப்போதும் இருக்கும். தட்டுவதாக நினைத்து நாம் தூளை நெசவுக்குள் அழுத்தி ஏற்றிவிடுகிறோம்.

போன ஆவணி முகூர்த்தம் ஒன்றில் என் சித்தப்பாவின் சட்டையில் மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வெள்ளைப் பருத்திச் சட்டை. காலையில் பழனியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த விபூதியைக் காகிதத்தில் மடித்து மேல்பையில் வைத்திருந்தார். மண்டபத்தில் கொடுத்த குங்குமப் பொட்டலமும் அதே பையில். மணிக்கட்டில் தடவிய சந்தனம் வலது கைமடிப்பில் அப்பியிருந்தது. மார்பில் நான் சொன்ன அந்தப் பன்னீர்ப் பொட்டுகள், ஐந்தோ ஆறோ. "ஒரு கை தண்ணி விட்டா போயிடும்மா" என்று எழுந்தவரை, "சித்தப்பா, தண்ணி மட்டும் வேண்டாம், வீட்டுக்கு வர்ற வரைக்கும் அப்படியே விடுங்க" என்று உட்காரவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, முதலில் மேல்பையைக் கவிழ்த்தோம். பொட்டலம் அவிழ்ந்து பையின் அடித்தையல் முழுக்கச் சிவப்பும் சாம்பலும் கலந்து கிடந்தன. பையை உட்புறம் வெளியே வருமாறு பிரட்டி, வாசலில் வைத்து உதறினேன். சட்டையின் முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி பிடித்து, பின்பக்கமிருந்து விரல் நுனியால் சுண்டினேன். இப்படிச் செய்தால் தூள் நெசவுக்குள் போகாமல் வெளியே விழும். அப்புறம் காய்ந்த பழைய பல்துலக்கியால், தையலின் நீளவாக்கில் மட்டும், வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளி எடுத்தேன். கடைசியாக, செல்லோ டேப்பைக் கறைமேல் மெல்ல ஒற்றி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு டேப். டேப்பில் சிவப்புத் தூள் வருவது நிற்கும் வரை இதைத்தான் செய்யவேண்டும். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பையில் இருந்த குங்குமத்தில் பெரும்பங்கு தண்ணீரே படாமல் போய்விட்டது.

விபூதியின் கதை இந்த இடத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். அது பசுஞ்சாணத்தை எரித்த சாம்பல். சாம்பலுக்குச் சாயம் கிடையாது. கடையில் விற்கும் விபூதி பலவற்றில் சுண்ணாம்புக்கல் மாதிரியான வெள்ளைத் தூளும் கலந்திருக்கும். இரண்டும் தண்ணீரில் கரையாது. அதனால் வெள்ளைத் துணியில் கவலையே இல்லை. கறுப்புத் துணியில்தான் சங்கடம். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம்: கறுப்பு வேட்டியைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்த பிறகும் இடுப்புப் பக்கம் வெளிறிய மூட்டமாக ஒன்று நிற்கும். சோப்பு அதை ஒன்றும் செய்யாது. காய்ந்த துணியை நன்றாக உதறிவிட்டு, அரை வாளித் தண்ணீரில் நாலைந்து மேஜைக் கரண்டி வெள்ளை வினிகர் விட்டு அலசினால் அந்த மூட்டம் விலகும். சுண்ணாம்புச் சத்தைப் புளிப்பு கரைத்துவிடும். வினிகரில் ஒரு சிட்டிகை விபூதியைப் போட்டால் நுரைத்துக்கொண்டு வருவதையும் பார்க்கலாம். பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடவேண்டும்.

சந்தனத்துக்கு வேறு பொறுமை வேண்டும். ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. கல்லில் இழைத்த சந்தனம் என்பது மிக நைசான மரத்தூளும், அந்த மரத்தின் எண்ணெயும், தண்ணீரும். ஈரத்தோடு துடைத்தால் மூன்றும் சேர்ந்து களிம்பாக நெசவுக்குள் இறங்கும். நிழலில் முழுக்கக் காயவிட்டால் ஏடு கட்டி வெடிக்கும். சித்தப்பாவின் கைமடிப்பில் அது இரவுக்குள் காய்ந்துவிட்டது. கரண்டிக் காம்பால் விளிம்பிலிருந்து நெம்பியதும் நகத்தளவு சில்லுகளாக உதிர்ந்தது.

உதிர்ந்த பிறகு மங்கலான ஒரு மஞ்சள் நிழல் மிச்சம் இருந்தது. அதில் இரண்டு சங்கதிகள். ஒன்று எண்ணெய். அதற்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பஞ்சில் தொட்டு ஒற்றினால் போதும். மற்றொன்று மஞ்சள் தூள். மண்டபங்களில் குழைக்கும் சந்தனம் பெரும்பாலும் கட்டையில் இழைத்தது அல்ல. வாசனைத் தூளோடு நிறத்துக்காக மஞ்சளோ மஞ்சள் சாயமோ சேர்ந்திருக்கும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோகிறார்கள். சோப்புப் பட்டதும் அந்த மஞ்சள் நிழல் சட்டென்று செம்பழுப்பாக மாறும். குங்குமம் பரவிவிட்டது என்று நினைத்து இன்னும் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள், இன்னும் சிவக்கும். பரவவில்லை. மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது இதே விஷயம்தான். சோப்பை நன்றாக அலசிவிட்டு, பருத்தியாக இருந்தால் சிறிது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் தோய்த்தால் பழைய மஞ்சளுக்கு வந்துவிடும்.

வந்த மஞ்சளை என்ன செய்வது? குர்க்குமினுக்கு வெயில் ஆகாது. வெளிச்சம் அதைச் சிதைத்துவிடும். அலசிய துணியை ஈரத்தோடு, கறை படிந்த பக்கம் நேராகச் சூரியனைப் பார்க்கும்படி போட்டால் ஒரு பகலில் பெருமளவு வெளுக்கும். வெள்ளைத் துணிக்கும் வெளிர் நிறப் பருத்திக்கும் இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆழ்ந்த நிறத் துணியை வெயிலில் போட்டால் கறையோடு துணியின் நிறமும் போகும், அதனால் அதற்கு இது ஒத்துவராது.

இனிக் குங்குமம். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் குங்குமம் என்று ஒரே பெயரில் குறைந்தது இரண்டு பொருள்கள் நம் வீட்டுக்கு வருகின்றன.

ஒன்று மஞ்சள் குங்குமம். விரலி மஞ்சளை எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெங்காரம் சேர்த்து ஊறவைத்துக் காயவைத்து இடித்துச் செய்வது. சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்கவைப்பதும் உண்டு. இதன் நிறம் தண்ணீரில் அதிகம் கரையாது. எண்ணெயிலும் சாராயச் சத்திலும்தான் கரையும். இரண்டாவது, மாவிலோ வெள்ளைத் தூளிலோ செயற்கைச் சாயத்தை ஏற்றி வாசனை சேர்த்தது. பளீரென்ற ரோஜா, கருஞ்சிவப்பு, மெரூன் என்று அடுக்கி விற்பதில் பெரும்பங்கு இந்த வகை. இதன் சாயம் தண்ணீர் பட்ட கணத்தில் ஓடும்.

நம் துணியில் இருப்பது எது என்று துணியில் சோதிக்கக் கூடாது. பொட்டலத்தில் மிச்சமிருக்கும் குங்குமத்தில் ஒரு சிட்டிகையை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள். சாயக் குங்குமமானால் ஒவ்வொரு துகளிலிருந்தும் ரோஜா நிற இழை நூல்போலக் கீழே இறங்கும். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் முழுக்க நிறமாகிவிடும். மஞ்சள் குங்குமம் கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் அடியில் படியும். தண்ணீர் லேசாக மஞ்சளிக்கும், அவ்வளவுதான். இரண்டும் கலந்ததும் கடைகளில் உண்டு. நிறம் ஓடினால் அதைச் சாயமாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வது பாதுகாப்பு.

சித்தப்பாவின் பையிலிருந்த பொட்டலம் டம்ளர் தண்ணீரை ரோஜாப்பூ நிறமாக்கியது. மார்பில் இருந்த பொட்டுகளும் அதே குங்குமம்தான்.

எட்டு மடிப்பாக மடித்த பழைய வெள்ளை வேட்டித் துணியை மேஜையில் விரித்து, சட்டையின் கறைப் பக்கம் அதன்மேல் படும்படி கவிழ்த்தேன். இப்போது எனக்கு முன்னால் இருப்பது சட்டையின் உட்புறம். பஞ்சைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, பிழிந்து, பொட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே தொடங்கி உள்நோக்கி ஒற்றிக்கொண்டே போனேன். தேய்க்கவில்லை, பஞ்சைச் சுழற்றவில்லை. மேலிருந்து அழுத்தும்போது தண்ணீர் துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. சாயமும் அதோடு கீழே உள்ள வேட்டித் துணிக்குப் போகிறது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவதால் பக்கவாட்டில் ஓட அதற்கு இடம் கிடைப்பதில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் கீழ்த்துணியில் ரோஜா நிற வட்டம் பதிந்திருந்தது. உடனே சட்டையை வேட்டித் துணியின் சுத்தமான இடத்துக்கு நகர்த்தவேண்டும். நகர்த்தாவிட்டால் இறங்கிய சாயம் திரும்ப மேலே ஏறும். இப்படி ஏழெட்டு முறை நகர்த்திய பிறகு கீழ்த்துணியில் நிறம் பதிவது நின்றது. சட்டையில் பொட்டுகள் வெளிறி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்தன.

அதற்கு மேல் தண்ணீரால் பயனில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அதே மாதிரி ஒற்றினேன். அடுப்பு எரியாத இடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து. வண்ணச் சட்டையானால் முதலில் உள்தையலில் ஒரு சொட்டு வைத்து, சட்டையின் சொந்த நிறம் பஞ்சில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்யலாம். ஸ்பிரிட்டில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இறங்கியது. கடைசி மிச்சத்துக்கு ஆக்ஸிஜன் ப்ளீச் தூளை, உறையில் சொல்லியிருந்த அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சட்டையை இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். வெள்ளைப் பருத்தி என்பதால் இதெல்லாம் முடிந்தது. செயற்கைச் சாயங்கள் பலவற்றுக்குப் பருத்திமேல் பிடிப்பு குறைவு என்பதும் நமக்குச் சாதகம்.

இதற்கு நேர்மாறானது பட்டு. பட்டு நூல் முடியைப் போலப் புரதத்தால் ஆனது. செயற்கைச் சாயங்கள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது சாயத்தொட்டியில் புளிப்புச் சேர்ப்பார்கள், சாயம் நூலைக் கெட்டியாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காக. அப்படியிருக்க, பட்டில் பட்ட சாயக் குங்குமத்தின்மேல் எலுமிச்சையோ வினிகரோ வைப்பது, சாயத்தொட்டி வேலையை நாமே வீட்டில் செய்வதாகும். மஞ்சள் கறைக்குக் கைகொடுக்கிற அதே எலுமிச்சை இங்கே கறையை நிரந்தரமாக்கிவிடும். எந்தக் குங்குமம் என்று தெரியாமல் எலுமிச்சையைத் தொடவேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தவிர, புளிப்பு பட்டால் சரிகையும் கறுக்கும்.

பட்டுக்கு என் கணக்கு எளிது: காய்ந்த வேலை எல்லாம் நம்முடையது, ஈர வேலை கடைக்காரருடையது. கவிழ்த்துப் பிடித்துச் சுண்டலாம். முகச்சவரத்துக்கு வைத்திருக்கும் மென்மையான பிரஷ் காய்ந்ததாக இருந்தால் அதனால் தள்ளி எடுக்கலாம். டேப்பை மட்டும் பட்டில் ஒட்டவேண்டாம். இழையைக் கிளப்பிவிடும், சரிகையையும் இழுக்கும். சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில் எண்ணெய் நிழல் தெரிந்தால் முகப்பவுடரைத் தூவி ஒரு இரவு விட்டு, காலையில் உதறலாம். பவுடர் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஒரு சொட்டு வைத்தாலும், சாயம் பரவாவிட்டாலும், காய்ந்த பிறகு அந்தச் சொட்டின் வட்டம் பட்டில் தெரியும். கட்டம் போட்டதும் கோர்வைக் கரை வைத்ததுமான புடவையில் கரையின் நிறமும் உடலில் இறங்கக்கூடும்.

கடையில் கொடுக்கும்போது கறையைக் காட்டி, "இது குங்குமம், தண்ணி படல" என்றோ "தண்ணி பட்டுடுச்சு" என்றோ சொல்லிக் கொடுங்கள். டிரைகிளீனிங் திரவம் எண்ணெயைக் கரைக்கும். தண்ணீரில் கரையும் சாயத்தைத் தொடாது. அதனால் அந்த இடத்தை அவர்கள் முதலில் தனியாகக் கையால் எடுக்கவேண்டும். சொல்லாமல் கொடுத்தால் புடவை மொத்தமாக எந்திரத்துக்குள் போய், கறை அப்படியே இருக்க, மேலே இஸ்திரியும் போட்டு வரும். சூடு பட்ட கறையை எடுப்பது மிகக் கடினம். இது எல்லாத் துணிக்கும் பொருந்தும்: கறை போய்விட்டது என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கும் வரை இஸ்திரிப்பெட்டியும் வெந்நீரும் வேண்டாம்.

குளோரின் ப்ளீச் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளைப் பருத்தியில் அது வேலை செய்யும். பட்டிலும் கம்பளியிலும் பட்டால் நூலையே மஞ்சளாக்கி அரித்துவிடும். அதைவிட முக்கியமானது, அதோடு வினிகரையோ எலுமிச்சையையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு. பூட்டிய குளியலறையில் மூச்சையே அடைத்துவிடும்.

சித்தப்பாவின் சட்டையை மறுநாள் காலை பத்து மணிக்கு மொட்டைமாடிக் கொடியில் ஈரத்தோடு போட்டேன். நாலு மணிக்குக் கைமடிப்பின் மஞ்சள் போயிருந்தது. மார்புப் பொட்டுகள் இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேல்பையின் அடியில் இரண்டு தையல் சேரும் மூலையில் மட்டும், நூல் முடிச்சுக்குள் புகுந்துகொண்ட சிவப்பு ஊசிமுனையளவு நின்றுவிட்டது. இரண்டாம் முறை ஊறவைத்தும் அது போகவில்லை. அதற்குப் பிறகு சித்தப்பா கோயில் விபூதியையும் குங்குமத்தையும் மாத்திரை வந்த சின்னத் திருகுமூடி டப்பா ஒன்றில்தான் போட்டு எடுத்துவருகிறார்.